வாசலில் கழற்றப்படும் மெத்தைச் செருப்பு

திண்டுக்கல்லிலிருந்து பழனி சாலையிலும் வத்தலக்குண்டு சாலையிலும் விடிவதற்குள் பதினைந்து, இருபது கிலோமீட்டர் ஓடிவிட்டு வருபவர்கள், தடித்த ஃபோம் வைத்த ‘ரிக்கவரி’ ஸ்லைடர் வாங்கலாமா என்று கேட்டால், இயன்முறை மருத்துவர் உடனே பதில் சொல்லிவிடக் கூடாது. அதை எங்கே போட்டுக்கொள்ளப் போகிறீர்கள் என்று முதலில் திருப்பிக் கேட்க வேண்டும். ஸ்லைடரின் பயன் பெரும்பாலும் அந்தப் பதிலைப் பொறுத்தது.

நீண்ட ஓட்டத்துக்குப் பின் கெண்டைக்காலிலும் தொடையிலும் வரும் வலி, தசையிழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தால் வருவது. ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய்த் தானே தணியும். எந்தச் செருப்பும் அதைச் சீக்கிரம் ஆற்றாது. ‘ரிக்கவரி’ என்ற பெயர் இந்த இடத்தில் விற்பனைப் பேச்சுதான். ஆனால் பாதத்துக்கு ஃபோம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குதிகாலிலும் முன்பாதத்திலும் ஓரிடத்தில் குவியும் அழுத்தத்தை அது பரப்பி விடுகிறது. முன்பக்கம் மேல்நோக்கி வளைந்து, எளிதில் மடங்காத அடிப்பாகம் இருந்தால், அடியெடுக்கும்போது பெருவிரல் மடங்குவதும் குறையும். பெருவிரல் மேலே மடங்க மடங்க உள்ளங்கால் பட்டை இறுகும் என்று ஹிக்ஸ் 1954-இல் விளக்கினார். அந்த மடக்கம் குறைந்தால், ஏற்கெனவே களைத்த பட்டைக்கு இழுவையும் குறையும். ஆக, ஸ்லைடர் தருவது சிகிச்சையல்ல, சில மணிநேரச் சுமைக்குறைப்பு.

இந்தச் சுமை அதிகமாக விழுவது கடினமான தரையில். மண்ணும் புல்லும் ஓரளவு தாமே விட்டுக்கொடுக்கும்; மொசைக், டைல்ஸ், கிரானைட் கொடுக்காது. நம் வீடுகளிலோ செருப்பு வாசலோடு சரி. ஓடி முடித்தவர் மைதானத்திலிருந்து வண்டி வரைக்கும், வண்டியிலிருந்து வாசற்படி வரைக்கும் ஸ்லைடர் போடுகிறார். பிறகு வெறுங்காலோடு சமையலறையிலும் கூடத்திலும் மணிக்கணக்கில் நிற்கிறார். தேவையில்லாத இடத்தில் மெத்தை, தேவையான இடத்தில் கல். போதாக்குறைக்கு வாசலில் சித்திரை வெயிலில் கிடக்கும் ஃபோம் இளகும், சில வகை சுருங்கியும் போகும். எனவே வாங்கச் சொல்வதானால், தெருவுக்கே போகாத வீட்டு ஜோடியாக வாங்கச் சொல்ல வேண்டும். வழக்கத்துக்கு மாறானதுதான், ஆனால் வீட்டுக்குள் போடாவிட்டால் அந்தச் செலவே வீண்.

மென்மையான அடிப்பாகம் தமிழ்நாட்டு மருத்துவத்துக்குப் புதிதல்ல. பால் பிராண்ட் பணியாற்றிய வேலூர் சி.எம்.சி.யும் கரிகிரி தொழுநோய் மையமும், உணர்விழந்த பாதங்களுக்கு எம்.சி.ஆர். செருப்பைப் பரவலாக்கின. அந்த ரப்பரின் கடினத்தன்மை ஷோர் அளவில் 15 ஒட்டியே இருக்கும். ஆனால் அதை மட்டும் நம்பிச் செருப்பைச் செய்யவில்லை: முள் ஏறாதிருக்க அடியில் கெட்டியான ரப்பர், கால் நழுவாதிருக்கப் பின்வார். ஸ்லைடரில் இரண்டும் கிடையாது. கருவேல முள் மென்ஃபோமைச் சுலபமாகத் துளைக்கும். பின்வார் இல்லாததால் விரல்கள் ஒவ்வோர் அடியிலும் செருப்பைப் பற்றிப் பிடிக்கின்றன; ஓட்டத்தில் உழைத்த அதே விரல்மடக்கித் தசைகளுக்கு மறுபடியும் வேலை. ஸ்லைடர் போட்டு நிற்கலாம், நாலு எட்டு நடக்கலாம். கடைவீதிக்கு நடக்கக் கூடாது. உணர்வு குறைந்த சர்க்கரை நோயாளி எம்.சி.ஆருக்குப் பதிலாக இதைப் போட அனுமதிக்கவே கூடாது. அண்மையில் கணுக்கால் பிசகியவருக்கும் தடித்த மென்ஃபோம் ஆகாது. காலின் நிலை அதில் தடுமாறும்.

வெறுங்காலே பாதத்தை வலுவாக்கும், மெத்தை சோம்பலாக்கும் என்று ஒரு தரப்பு சொல்லும். ராவும் ஜோசப்பும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், 2,300 இந்தியக் குழந்தைகளில் காலணி அணிந்தவர்களிடம் தட்டைப்பாதம் அதிகம் என்பது உண்மையே. ஆனால் அது வளரும் பாதத்தைப் பற்றியது. அதிலும் முன்புறம் மூடிய ஷூவில்தான் மிகுதி, திறந்த செருப்பில் குறைவு. ஓட்ட நாளில் சில மணிநேரம் ஸ்லைடர் போடும் பெரியவருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. போட்டதும் சுகமாக இருக்கிறதே என்பது எதிர்ப்பக்க வாதம். இறுக்கமான ஷூவைக் கழற்றியதும் எதுவும் சுகம்தான். பார்க்க வேண்டியது மறுநாள் காலை.

அதைச் சோதிப்பது எளிது. குதிகால் வலியுள்ள ஓட்டக்காரர், ஒரே தூரம் ஓடும் ஞாயிறுகளில் ஒரு வாரம் வீட்டுக்குள் ஸ்லைடரும் மறுவாரம் வெறுங்காலுமாக இருக்கட்டும். திங்கள் காலை படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் அடியின் வலிக்குப் பூஜ்யம் முதல் பத்துக்குள் மதிப்பெண் எழுதட்டும். நான்கு ஞாயிறுகளில் இரண்டு புள்ளி வித்தியாசமாவது தொடர்ந்து தெரியாவிட்டால், செலவைவிட்டுக் கெண்டைக்கால் பயிற்சிக்குத் திரும்பலாம். குதிகால் இடத்தில் கட்டைவிரலால் அழுத்திய பள்ளம் எழும்பாத பழைய ஸ்லைடரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது மெத்தையாக இல்லை. இப்படி எடுத்த குறிப்புகளை, பயன் தெரியாதவற்றையும் சேர்த்து, வாசகர்கள் இதழுக்கு அனுப்பி வைக்கக் கோருகிறோம்.