எட்டணாச் சட்டத்தில் சிக்கிய கடைக்காரர்

வில்லியனூர் சாலையில் ரெட்டியார்பாளையம் தாண்டி மூலக்குளம் வருகிறவர்கள், இருபக்கமும் வரிசையாக நிற்கும் சிறு கடைகளைப் பார்த்திருப்பார்கள். ஹார்டுவேர், மின்சாமான், துணி, மளிகை. பெரும்பாலானவை ஒருவர் பெயரில் நடப்பவை. கடையின் கடன் என்றால் அது கடைக்காரரின் கடன்தான். இரண்டுக்கும் நடுவே சட்டம் எந்தச் சுவரையும் எழுப்பவில்லை. வங்கிக்கு அது போதவில்லை. சிசி கடன் கேட்டுப் போனால், இன்னும் ஒரு கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். வீடு மனைவி பெயரில் இருந்தால் மனைவியின் கையெழுத்து, மச்சான் அரசு வேலையில் இருந்தால் மச்சானின் கையெழுத்து.

மேலாளர் மேசையில் அந்தக் கையெழுத்து எப்படி வாங்கப்படுகிறது என்பதை, ஜாமீன் நின்ற எவரும் சொல்வார்கள். பல பக்கப் படிவம். பொடி எழுத்தில் ஆங்கிலம். கையெழுத்திட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி. "இங்க, அப்புறம் இங்க, கடைசிப் பக்கத்துல ரெண்டு." ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். 'தொடர் உத்தரவாதம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. இன்று வாங்கும் கடனுக்கு மட்டுமல்ல, அந்தக் கணக்கில் நாளை ஏறப்போகும் கடனுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கையெழுத்து.

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமமானது. முதலில் கடன்காரரிடம் கேட்டுப் பார், அவரிடம் கிடைக்காவிட்டால் என்னிடம் வா என்று ஜாமீன்தாரர் சொல்ல முடியாது. 1969இல் பீகார் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. வங்கி விரும்பினால் நேராக மச்சானிடமே போகலாம்.

புதுச்சேரிக்காரர்களான நமக்கு இதில் தனியாக ஒரு வருத்தம் உண்டு. பிரெஞ்சு சிவில் சட்டம் இங்கு நடந்த காலத்தில், ஜாமீன்தாரருக்கு அந்த உரிமை இருந்தது. முதலில் கடன்காரரின் சொத்தை விற்று எடுங்கள் என்று அவர் கோரலாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால்தான் அது போகும். 1960களில் இந்தியச் சட்டங்கள் இங்கு நீட்டிக்கப்பட்டபோது அந்தக் காப்பு போய்விட்டது.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எந்த ஒரு கடையின் கதையும் அல்ல. விளக்கத்துக்காக நாம் போடும் கணக்கு. மூலக்குளத்தில் ஒரு ஹார்டுவேர் கடை. 15 லட்ச ரூபாய் சிசி வரம்பு. மனைவியும் மச்சானும் ஜாமீன். வியாபாரம் படுக்கிறது. சரக்கு விற்ற பணம் சரக்கு வாங்கத் திரும்பாமல் வட்டிக்கும் வாடகைக்கும் போகிறது. வங்கிக்கு வட்டியோடு 16 லட்சம், சரக்கு கொடுத்த மொத்த வியாபாரிகளுக்கு 6 லட்சம் என்று நிற்கிறது. கடையில் மிச்சமிருக்கும் சரக்கு வங்கியின் ஈட்டுக்கு உட்பட்டது. விற்றால் 3 லட்சம் தேறும். அது வங்கிக்குப் போக, மீதி பாக்கி 19 லட்சம். கடைக்காரர் கையில் இருப்பது கடை அட்வான்ஸ் 2 லட்சம் மட்டுமே.

இந்த நிலையில் ஊரில் சொல்லும் வழி ஒன்றுதான்: ஐ.பி. கொடுத்துவிடு. மஞ்சள் நோட்டீஸ். அந்தச் சொல்லைக் கேட்டதுமே ஊர் ஏமாற்றுக்காரனைத்தான் நினைக்கிறது. சட்டத்தில் அது மாகாண நொடிப்புச் சட்டம். ஆண்டு 1920. சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய மூன்று நகரங்களுக்கு அதைவிடப் பழைய 1909ஆம் ஆண்டுச் சட்டம். மனு போடுவதற்குத் தேவைப்படும் குறைந்தபட்சக் கடன் 500 ரூபாய் என்று அதில் எழுதியிருக்கிறது. நூறாண்டாக அந்த எண் மாறவில்லை.

மனுவை ஏற்று நீதிமன்றம் ஒருவரை நொடித்தவர் என்று அறிவித்தால், அவருடைய சொத்து முழுவதும் நீதிமன்றத்திடமோ அது நியமிக்கும் ரிசீவரிடமோ போய்விடும். பிறகு எந்தக் கடன்கொடுத்தவரும் அனுமதி பெறாமல் அவர்மீது தனியாக வழக்குப் போட முடியாது. கைதாகாமல் இருக்கவும் உத்தரவு கேட்கலாம். இது நல்லதுதான். ஆனால் அடமானம் வைத்திருக்கும் வங்கியை இது தடுக்காது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு விலக்களித்த பொருள்கள் மட்டும் அவரிடம் தங்கும்: உடை, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை. ஆகவே தாலி தப்பும். உழவரின் வீட்டுக்கு அந்தப் பிரிவு விலக்கு தருகிறது. கடைக்காரரின் வீட்டுக்குத் தரவில்லை.

நம் கணக்கில் 19 லட்சத்துக்கு 2 லட்சத்தைப் பங்கிட்டால், ரூபாய்க்குச் சுமார் பத்தரைக் காசு. இங்கேதான் எட்டணா வருகிறது. அந்தச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, கடன்களில் ரூபாய்க்கு எட்டணா, அதாவது பாதியாவது அடைக்கும் அளவுக்குச் சொத்து இல்லையென்றால், முழு விடுதலை மறுக்கப்பட வேண்டும். அந்தக் குறை தன்னால் நேர்ந்ததல்ல என்று நிரூபிக்கும் சுமை நொடித்தவர் தலையில். கடைசி மூன்று ஆண்டுகளுக்கு முறையான கணக்குப் புத்தகம் இல்லாவிட்டாலும், நொடித்த பிறகும் தெரிந்தே வியாபாரத்தைத் தொடர்ந்திருந்தாலும் அதே மறுப்புதான். எந்தக் கடைக்காரர் கடைசி நாள்வரை கடையைத் திறந்து வைத்துப் போராடாமல் இருப்பார்? அந்தப் போராட்டமே அவருக்கு எதிரான சாட்சியாகிறது. விடுதலை பெறாத நிலையில், தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலே ஆறு மாதம்வரை சிறை என்கிறது 72ஆம் பிரிவு. 50 ரூபாய்க்கு இன்று ஒரு கிலோ ஆணிகூட நிச்சயமில்லை.

இத்தனையும் தாண்டி அவர் விடுதலை பெற்றாலும், அந்த விடுதலை ஜாமீன்தாரருக்குக் கிடையாது. 44ஆம் பிரிவே அப்படிச் சொல்கிறது. 13 லட்சம் வங்கிப் பாக்கியில் பங்கீடு போக மீதி பதினொன்றரை லட்சத்துக்கும் மேல். அது மனைவியின் வீட்டின் மீதும் மச்சானின் சம்பளத்தின் மீதும் விழும். மச்சானுக்குப் பிடித்தம் செய்யத்தக்க சம்பளம் 40,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆயிரமும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்கு. 13,000 ரூபாய் மாதாமாதம் போகும். ஒரே தீர்ப்புக்கு 24 மாதத்துக்கு மேல் சம்பளத்தைப் பிடிக்க முடியாது என்பதால் 3 லட்சத்து 12 ஆயிரத்தோடு அது நிற்கும். மீதிக்கு அந்த வீடு. கடைக்காரருக்கு எப்படியோ ஒரு முடிவு கிடைத்தாலும், அவரை நம்பிக் கையெழுத்துப் போட்ட குடும்பத்துக்கு முடிவு இல்லை.

நூறாண்டுக்கு முந்தைய இந்தச் சட்டத்தை மாற்ற யாரும் முயலவில்லையா என்றால், முயன்று முடித்தே விட்டார்கள் என்பதுதான் வேதனை. 2016இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின் மூன்றாம் பாகம், தனிநபர்களுக்கும் கூட்டு வணிகங்களுக்குமானது. மனு ஏற்கப்பட்டதும் 180 நாள் கடன் வசூலுக்குத் தடை. அதற்குள் ஒரு திருப்பிச் செலுத்தும் திட்டம். வாக்களிக்கும் கடன்கொடுத்தவர்களில் கடன் மதிப்பில் முக்கால்வாசிக்கு மேல் வைத்திருப்பவர்கள் ஏற்றால் அது எல்லோரையும் கட்டுப்படுத்தும். திட்டம் தோற்றுத் திவாலானாலும், ஓராண்டில் விடுதலை கேட்க வழி. அடகில் இல்லாத ஒரே குடியிருப்பு வீட்டுக்கு, ஒரு மதிப்பு வரம்புக்குள், பாதுகாப்பு. 1909, 1920 சட்டங்களை நீக்கும் 243ஆம் பிரிவும் அதிலேயே இருக்கிறது.

அந்த மூன்றாம் பாகம் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது, ஒரே ஒரு பிரிவினருக்கு மட்டும்: கம்பெனிகளின் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் நின்றவர்கள். பிரித்து அமல்படுத்தியது செல்லும் என்று 2021 மே மாதம் லலித் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. செல்லும் என்பது வேறு, நியாயம் என்பது வேறு. பல நூறு கோடிக் கடனுக்குக் கையெழுத்திட்ட கம்பெனி முதலாளிக்குத் தடைக்காலமும் திட்டமும் ஓராண்டு வழியும் உண்டு. அதே ஹார்டுவேர் கடையைப் பிரைவேட் லிமிடெட்டாகப் பதிந்து, அதற்கு ஜாமீன் போட்டிருந்தால் நம் கடைக்காரருக்கும் உண்டு. தன் பெயரிலேயே கடை நடத்தியதால் அவருக்கு எட்டணாச் சட்டம். இந்தப் பாகுபாட்டை நாம் ஏற்க மறுக்கிறோம்.

வங்கிகள் தரப்பில் சொல்லப்படுவது நமக்குத் தெரியும். ஜாமீன் இல்லாவிட்டால் சிறு கடைக்குக் கடன் கிடைக்காது. விடுதலை சுலபமானால் வேண்டுமென்றே நொடிப்பவர்கள் பெருகுவார்கள். இரண்டாவது அச்சம் வெறும் கற்பனை அல்ல. மஞ்சள் நோட்டீஸால் ஏமாந்த குடும்பங்கள் தமிழ்நாட்டிலும் இங்கும் இருக்கின்றன. ஆனால் அதைத் தடுக்கும் பல் சட்டத்தில் ஏற்கெனவே உண்டு. நொடிப்பதற்கு இரண்டாண்டுக்குள் உரிய விலை பெறாமல் சொத்தை மாற்றி எழுதியிருந்தால் 1920 சட்டத்திலேயே அதை ரத்து செய்யலாம். ஏமாற்றியவனைப் பிடிக்க, நேர்மையாகத் தோற்றவனையும் ஆயுள் முழுக்கக் கட்டிவைக்க வேண்டியதில்லை. முதல் வாதத்துக்குப் பதில், அரசே நடத்தும் சிறுதொழில் கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளை. அதன் காப்புக்குள் வரும் கடன் பகுதிக்கு மூன்றாம் நபர் ஜாமீன் கேட்கக் கூடாது. கடைக்காரர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பிரான்ஸ் என்ன செய்தது என்பதை இந்த ஊர் கவனிக்கலாம். தனியாகத் தொழில் செய்பவரின் குடியிருப்பு வீட்டைத் தொழில் கடனுக்காகப் பறிக்க முடியாது என்று 2015இல் சட்டம் செய்தது. 2022 முதல் தொழில் சொத்தையும் சொந்தச் சொத்தையும் தானாகவே பிரித்துவிட்டது. ஜாமீன்தாரரின் வசதிக்குப் பொருந்தாத அளவுக்கு அவரிடம் உத்தரவாதம் வாங்கினால், தாங்கக்கூடிய அளவுக்கு அது குறைக்கப்படும். அங்கே அதனால் வங்கித் தொழில் நின்றுபோகவில்லை.

ஆகவே, மூன்றாம் பாகத்தைத் தனிக் கடைக்காரர்களுக்கும் கூட்டு வணிகங்களுக்கும் அவர்களின் ஜாமீன்தாரர்களுக்கும் மத்திய அரசு உடனே அமல்படுத்த வேண்டும். மிக எளியவர்களுக்கான 'புதிய தொடக்கம்' வழியில் ஆண்டு வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 ரூபாய் என்று 2016இல் வைத்த வரம்புகளையும் உயர்த்த வேண்டும். அந்த வரம்புக்குள் எந்தக் கடையும் வராது. விசாரணை கடன் வசூல் தீர்ப்பாயத்தில் என்கிறது சட்டம். புதுச்சேரியில் தீர்ப்பாயம் இல்லை. மூலக்குளத்துக்காரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் 150 கிலோமீட்டர் தள்ளிச் சென்னைக்கு ஓடாதபடி இங்கே அமர்வு நடத்த வேண்டும். ஜாமீன் படிவம் தமிழில் இருக்க வேண்டும், தொகைக்கு உச்சவரம்பு எழுதப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட வேண்டும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. இனிமேல் ஏறும் கடனுக்குத் தான் பொறுப்பல்ல என்று எழுத்தில் அறிவித்து, தொடர் உத்தரவாதத்தை நிறுத்திக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 130ஆம் பிரிவு தருகிறது. பழைய பாக்கி அதனால் தீராது. கடை ஆட்டம் காண்கிறது என்று தெரிந்ததும், படிவத்தின் நகலை வங்கியில் கேட்டு வாங்கி ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அந்த அறிவிப்பை ஸ்பீட் போஸ்ட்டில் பதிவு செய்து அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.