அரைநாள் பள்ளியும் மூன்று வாதங்களும்

நண்பர்களே, நீண்ட பதிவு. பொறுமை இருந்தால் முழுக்கப் படியுங்கள்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர், இப்போது நல்ல நிலையில் இருக்கிறார். வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் எழுதினார்: "டீச்சர், அரசாங்கம் எதுக்குச் சோறு போடணும்? அவங்கவங்க பிள்ளைக்கு அவங்கவங்க பாத்துக்கணும். அப்பா தொழிலைப் பிள்ளை கத்துக்கிட்டா என்ன கேவலம்? நான் லிபரல் டீச்சர், சோசலிஸ்ட் இல்லை."

தம்பி, நீங்கள் எழுதிய நான்கு வரியில் இரண்டு வாதங்கள் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன. அரசாங்கம் ஒதுங்கட்டும் என்பது தாராளவாதத்தில் ஒரு பிரிவு சொல்வது. அப்பா தொழில் பிள்ளைக்கு என்பது பழமைவாதம். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி 'லிபரல்' என்று சீட்டு ஒட்டிவிட்டீர்கள். அந்தச் சீட்டைத்தான் பிரிக்கப் போகிறேன்.

புத்தகத்திலிருந்து தொடங்கவில்லை. என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். நாங்கள் மண்பாண்டம் செய்யும் குடும்பம். 1953-இல் என் பெரியண்ணனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அந்த ஆண்டு சென்னை மாகாண முதலமைச்சர் ராஜாஜி தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். கிராமப்புறப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரம்தான் வகுப்பு. காலையில் ஒரு கூட்டம், மதியம் இன்னொரு கூட்டம். மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம். எதிர்த்தவர்கள் இதற்கு வைத்த பெயர் 'குலக்கல்வி'. பெரியாரும் திமுகவும் மட்டுமல்ல, காங்கிரசுக்குள்ளேயே பலர் எதிர்த்தார்கள். 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

திட்டம் போய்விட்டது. என் அண்ணன் மட்டும் பள்ளிக்குத் திரும்பவில்லை. ஓராண்டு அரைநாள் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்த கை, அப்பாவுக்கு உதவியாகிவிட்டது. உதவியாக இருக்கும் கையை எந்த ஏழை வீடும் திருப்பி அனுப்பாது.

ராஜாஜி தரப்பை மறைத்துவிட்டுப் பேசினால் நான் ஆசிரியை இல்லை. பத்து ஆண்டுகளுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டம் சொல்லியிருந்தது. பள்ளிக் கட்டடம் இல்லை, ஆசிரியர் இல்லை, பணமும் இல்லை. இரண்டு கூட்டமாகப் பிரித்தால் அதே கட்டடத்தில், அதே ஆசிரியரைக் கொண்டு இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். இது கணக்கு. கைத்தொழிலும் அறிவுதான், வீடும் ஒரு பள்ளிதான் என்பது அதற்குப் பின்னால் இருந்த நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை நான் கேலி செய்ய மாட்டேன். சமூகம் என்பது இருப்பவர்களுக்கு மட்டும் சொந்தமல்ல, இறந்தவர்களுக்கும் இனி பிறக்கப்போகிறவர்களுக்கும் பங்கு உண்டு என்று 1790-இலேயே எட்மண்ட் பர்க் எழுதினார். தலைமுறைகள் சேர்த்துவைத்ததை ஓர் அரசாணையால் அழித்துவிடாதே என்பதுதான் பழமைவாதத்தின் நல்ல பக்கம். களிமண்ணைத் தொட்டே பதம் சொல்வாரே என் அப்பா, அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

ஆனால் ஒரு கேள்வி. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அந்தப் பிள்ளைக்கு இருந்ததா? வக்கீல் வீட்டுப் பிள்ளை மீதி நேரத்தில் வீட்டிலும் புத்தகம்தான் படிப்பான். குயவர் வீட்டுப் பிள்ளை மண் மிதிப்பான். பெண் பிள்ளை அடுப்பூதுவாள். மூன்று மணி நேரம் எல்லோருக்கும் சமம்தான். மீதி நேரத்தைப் பிறப்பு தீர்மானித்தது. மறுக்க முடியாத மரபைச் சொத்து என்று சொல்லாதீர்கள். அது தளை.

இப்போது 'லிபரல்' என்ற சொல்லுக்கு வருவோம். தாராளவாதிகளின் ஆசான் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் என்ன எழுதினார் தெரியுமா? ஒவ்வொரு பிள்ளையும் படித்தாக வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்த வேண்டும், ஏழைகளின் கட்டணத்தை அரசு ஏற்க வேண்டும் என்றார். எல்லாப் பள்ளிகளையும் அரசே நடத்தி எல்லோரையும் ஒரே அச்சில் வார்ப்பதைத்தான் அவர் எதிர்த்தார். அவருக்குத் தனிமனிதன் முக்கியம். அந்தத் தனிமனிதன் என் எட்டு வயது அண்ணன்தான், அவனுடைய அப்பா அல்ல. ஆகவே தம்பி, நீங்கள் சொன்னதை மில்லே ஏற்கமாட்டார்.

தாராளவாதத்துக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. சமத்துவம் என்றால் சட்டத்தின் முன் எல்லோரும் ஒன்று என்பதோடு அது நின்றுவிடும். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நம் மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையைச் செல்லாது என்றது. சாதியைக் காரணம் காட்டிக் கல்லூரியில் யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்பது வாதம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் படித்த வீடும், படிப்பின் வாசலையே பார்க்காத வீடும் ஒரே கோட்டில் நின்று ஓடுவது எப்படிப் போட்டியாகும்? அதனால்தான் அதே ஆண்டு ஜூனில் முதல் திருத்தம் வந்தது. பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்று 15(4) சேர்ந்தது.

ஓடும் கால்களுக்கு முதலில் தெம்பு வேண்டும் என்பது சோசலிசத்தின் வாதம். பிள்ளைகளுக்கு இலவசப் பொதுக் கல்வி, தொழிற்சாலையில் பிள்ளைகளை வேலை வாங்குவதற்கு முடிவு என்று மார்க்சும் எங்கெல்சும் 1848-இலேயே கேட்டார்கள். 1955-இல் ஆவடியில் காங்கிரஸ் சோசலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அதற்குப் பின் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு வந்தது. ஒன்றைக் கவனியுங்கள். அது தொடக்கத்தில் ஊர் மக்கள் கொடுத்த நன்கொடையில்தான் நடந்தது. அன்னதானம் என்ற பழைய வழக்கத்தை அரசு கையில் எடுத்து, பிள்ளையின் உரிமையாக்கியது. மரபைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அந்தத் தட்டில் சாப்பிட்டுத்தான் அண்ணனுக்குப் பதினைந்து வருடம் இளையவளான நான் படித்தேன். ஆசிரியப் பயிற்சி முடித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன்.

சோசலிசத்தையும் சும்மா விடப் போவதில்லை. கொடுக்கும் கை எல்லாவற்றையும் கட்டுப்படுத்தவும் பார்க்கும். எதற்கெடுத்தாலும் லைசென்ஸ், பெர்மிட் என்றானபோது 1959-இல் சுதந்திராக் கட்சி தொடங்கி எதிர்த்தவர் அதே ராஜாஜிதான். அதில் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கடை வைக்க நினைத்தவனை அலுவலகம் அலுவலகமாக அலைய விடுவது சமத்துவமல்ல. பள்ளியில் தோற்ற வாதம் கடைத்தெருவில் ஜெயிக்கலாம். அதனால்தான் யார் சொன்னார் என்று பார்க்காமல், எதைப் பற்றிச் சொன்னார் என்று பார்க்கச் சொல்கிறேன்.

என் நிலைப்பாடு இதுதான். பள்ளிக்கும் பிள்ளையின் சோற்றுக்கும் அரசு முழுப் பொறுப்பேற்க வேண்டும். படித்து வளர்ந்தவன் என்ன தொழில் செய்வான், என்ன பேசுவான் என்பதில் அரசு தலையிடக் கூடாது. சாதியும் தலையிடக் கூடாது. மரபு வேண்டும், விரும்பிக் கற்பவனுக்கு. பிறந்த குற்றத்துக்கு வேண்டாம்.

பெரியண்ணன் கடைசி வரை நல்ல பானை செய்தார். ஊரே அவர் கையைப் பாராட்டும். பேருந்தில் ஊர்ப் பெயரை மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத்தான் ஏறுவார்.

தம்பி, பதில் எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். மற்றவர்களும் எழுதலாம், வசை மட்டும் வேண்டாம்.