அழைப்பு ஒன்று, கை பல

அறுபதாம் ஆண்டு நிறைவுக்குத் திருக்கடையூர் செல்லும் குடும்பங்கள் அச்சிட்ட பத்திரிகையை நெருங்கிய உறவினருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மற்றவர்களை வாட்ஸ்ஆப் வழியாக அழைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அவ்வழைப்பை அனுப்புபவர் மகனாக இருப்பார். அதை அத்தை தம் சம்பந்தி வீட்டாருக்கு அனுப்புவார். அவர்கள் மும்பையில் உள்ள மருமகனுக்கு அனுப்புவார்கள். மூன்றாவது கைக்குச் செல்லும்போது அழைப்பு என்ன நிலையில் இருக்கிறது என்பதே கேள்வி.

ஒரு செய்தியை மற்றவருக்கு முன்னனுப்பும்போது, அதில் எழுதியுள்ள சொற்கள் மட்டுமே செல்கின்றன. முதலில் எழுதியவர் யார் என்பதும், என்று எழுதினார் என்பதும் உடன் செல்வதில்லை. ஆகவே அவ்விரண்டையும் நம்பி எழுதிய சொற்கள் யாவும் வழியிலேயே பொருள் இழந்துவிடுகின்றன. "வரும் ஞாயிறு அப்பாவுக்கு அறுபது" என்று மகன் எழுதியது, அத்தையின் கைபேசியிலிருந்து சம்பந்திக்குச் சென்றால், அத்தையின் தந்தையார் என்றே படிக்கப்படும். ஒரு வாரம் கழித்துப் படிப்பவருக்கு "வரும் ஞாயிறு" அடுத்த ஞாயிறாகிவிடும். "எங்கள்", "நாளை", "இதே எண்ணில் பேசவும்" என்பனவும் இவ்வாறே பிழைபடும்.

செய்தியைத் துண்டு துண்டாக அனுப்புவது இரண்டாவது இடையூறு. பத்திரிகையின் படம் ஒன்று, வரைபடக் குறி ஒன்று, உடை பற்றிய குரல்பதிவு ஒன்று என மூன்றாக அனுப்பினால், அத்தை அவற்றுள் அழகான படத்தை மட்டுமே முன்னனுப்புவார். படத்தின் அடியில் குறிப்பு எழுதியிருந்தாலும், ஒருவர் படத்தைச் சேமித்துக்கொண்டு புதிதாக அனுப்பும்போது அக்குறிப்பு உடன் வராது. எனவே விவரம் அனைத்தும் ஒரே எழுத்துச் செய்தியில் அடங்க வேண்டும். படம் தனியே செல்லலாம். அது தொலைந்தாலும் குறையில்லை.

அவ்வாறு எழுதப்பட்ட அழைப்பு ஒன்றைப் பார்க்கலாம். தம்பதியர் பெயர் முதலியவை வர வேண்டிய இடங்கள் அடைப்புக்குறிக்குள் உள்ளன.

சஷ்டியப்தபூர்த்தி அழைப்பு
தம்பதியர்: (இருவரின் முழுப்பெயர், ஊர்)
நாள்: 3-5-2026, ஞாயிறு, பராபவ வருடம் சித்திரை 20
வந்து சேர வேண்டிய நேரம்: காலை 7.30
கலசாபிஷேகம்: காலை 8.00
மாங்கல்யதாரணம்: காலை 9.00 முதல் 10.00க்குள்
இடம்: அருள்மிகு அபிராமி அம்மன் உடனுறை அமிர்தகடேஸ்வரர் திருக்கோயில், திருக்கடையூர், மயிலாடுதுறை மாவட்டம்
கூடும் இடம்: மேற்கு ராஜகோபுர வாசல்
உடை: ஆண்கள் வேட்டி, துண்டு, பெண்கள் சேலை, சிறுமியர் பாவாடை சட்டை. அபிஷேகம் செய்வோர் மாற்றுடை கொண்டு வரவும்
உணவு: காலை 10.30, (மண்டபத்தின் பெயர், தெரு)
தொடர்புக்கு: (பெயர், தம்பதியருக்கு என்ன உறவு, +91 உடன் கைபேசி எண்)
இங்ஙனம்: (அழைப்பவர் பெயர், உறவு)

நாளை மூன்று விதமாக எழுதியிருப்பது அலங்காரத்திற்காக அன்று. ஆங்கிலத் தேதி, கிழமை, தமிழ்த் தேதி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சரிபார்க்கும். தட்டச்சில் 3 என்பது 8 ஆகிவிட்டால், மே 8 வெள்ளிக்கிழமை என்பதால் நாட்காட்டியைப் பார்ப்பவர் பிழையை உடனே கண்டுகொள்வார். இங்கு வருடப் பெயருக்கும் ஒரு பொருத்தம் உண்டு. பராபவ வருடமாகிய 1966 சித்திரையில் பிறந்தவருக்கு, அறுபது வருடச் சுழற்சி முடிந்து மீண்டும் பராபவ வருடம் பிறந்திருக்கிறது.

நேரத்தில் நேரும் பிழை வேறு வகையானது. "முகூர்த்தம் 9.00 – 10.00" என்று மட்டும் எழுதினால், 9.45க்கு வந்தாலும் போதும் என்று பலர் கருதுவர். கலச நீரைத் தம்பதியர் மீது ஊற்றும் பேற்றை எதிர்நோக்கி வந்த தங்கையும் தமையனும் அதற்குள் அபிஷேகம் முடிந்திருப்பதைக் காண்பார்கள். ஆகவே விருந்தினர் வந்து சேர வேண்டிய நேரமே முதலில் நிற்க வேண்டும். சடங்குகளின் நேரம் அதன் பின்னரே வர வேண்டும். ஒவ்வொரு நேரத்திற்கும் முன்னால் "காலை" என்னும் சொல்லைத் தவறாமல் இடுவது நலம்.

இடத்தைக் குறிப்பதிலும் கவனம் தேவை. திருக்கடையூருக்குத் திருக்கடவூர் என்றும் பெயர் உண்டு. அருகிலேயே திருக்கடவூர் மயானம் என்னும் வேறொரு பாடல் பெற்ற தலமும் இருக்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் ஓட்டுநரிடம் காட்டினால் குழப்பம் நேரலாம். சுவாமி, அம்பாள் திருநாமங்களுடன் எழுதினால் ஐயத்திற்கு இடமில்லை. அக்கோயிலில் ஒரே காலை வேளையில் பல தம்பதியருக்கு இவ்வைபவம் நடைபெறும். புகை சூழ்ந்த ஹோம குண்டங்களுக்கிடையே தம் குடும்பத்தைத் தேடுவது முதியோருக்கு எளிதன்று. எனவேதான் கூடும் இடமும், அங்கிருந்து அழைக்க ஓர் எண்ணும் அழைப்பில் உள்ளன. உணவு மண்டபம் வேறிடமாகையால் அதற்குத் தனி வரி கொடுக்கப்பட்டுள்ளது. இரண்டு இடங்களையும் ஒரே வரியில் எழுதினால், சிலர் நேரே மண்டபத்திற்குச் சென்று காத்திருப்பர்.

உடையைப் பற்றி "பாரம்பரிய உடை" என்று எழுதினால், ஒவ்வொரு வீட்டிலும் அதற்கு ஒவ்வொரு பொருள். வேட்டி, சேலை என்று பெயர் சொல்லி எழுதினால், வெளியூரில் வளர்ந்த பேரனும் ஐயமின்றி ஆயத்தமாவான். அபிஷேகத்தில் பங்கு கொள்வோர் ஆடை நனைவதால் மாற்றுடை பற்றிய குறிப்பும் இன்றியமையாதது. இவ்வரி கடைசியில் இல்லாமல் இடத்திற்கு அடுத்து நிற்பதற்கும் காரணம் உண்டு. செய்தி நீண்டால் வாட்ஸ்ஆப் அதன் பிற்பகுதியை மடித்து, "மேலும் படிக்க" என்னும் சிறு குறிப்பின் பின் மறைத்துவிடும். பெரிய எழுத்து வைத்திருக்கும் பெரியோரின் கைபேசியில் மடிந்த பகுதி பெரும்பாலும் படிக்கப்படுவதில்லை. வாழ்த்து வரிகளும் பூ, விளக்குப் படங்களும் மேலே இடம் பிடித்தால், உடை கீழே தள்ளப்பட்டுவிடும்.

இறுதியில் உள்ள "இங்ஙனம்" பழைய மரபு மட்டுமன்று. அவ்வரி இருந்தால் செய்தி முழுமையாக வந்திருக்கிறது என்று பொருள். இல்லையேல் யாரோ பாதியை மட்டும் படியெடுத்து அனுப்பியிருக்கிறார்.

பின்னர் நேரம் மாறினால், அனுப்பிய செய்தியைத் திருத்துவது உதவாது. வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய 15 நிமிடங்களுக்குள் மட்டுமே திருத்த இயலும். அத்திருத்தமும் ஏற்கெனவே முன்னனுப்பப்பட்ட படிகளைச் சென்றடையாது. செய்தியை நீக்கினாலும் அப்படிகள் அப்படியே இருக்கும். "நேரம் 7.30 அன்று, 7.00" என்று தனி வரி அனுப்பினால், எந்த விழாவின் நேரம் என்று மூன்றாம் கையினருக்குத் தெரியாது. "திருத்திய அழைப்பு, ஏப்ரல் 25" என்று தலைப்பிட்டு, முழு அழைப்பையும் மீண்டும் அனுப்புவதே முறை. இரு படிகளும் ஒருவரிடம் வந்து சேர்ந்தால், தலைப்பைக் கொண்டு பிந்தியது எது என்று அறிவார்.

எல்லோருக்கும் அனுப்புமுன் ஒரு சிறு சோதனை போதும். அழைப்பை இல்லத்தில் ஒருவருக்கு அனுப்பி, அவர் வேறொருவருக்கு முன்னனுப்ப, மூன்றாமவர் கைபேசியில் அதைப் படிக்கச் சொல்ல வேண்டும். யாருக்கு விழா, என்று, எத்தனை மணிக்கு, எங்கே, என்ன உடுத்தி வர வேண்டும் என்னும் ஐந்து கேள்விகளுக்கும் அவர் எவரையும் கேளாமல் விடை சொன்னால், அழைப்பை உறவினர் அனைவருக்கும் அனுப்பலாம்.