தொடர்மாடி வீட்டுக்கு மூன்று கையொப்பம்: இடையில் மாட்டிக்கொள்பவர் யார்?

ஒலுவிலில் உயர்ந்த தொடர்மாடிகள் இல்லை. ஆனால் கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் எங்கள் பகுதிப் பிள்ளைகளின் பணம் தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் எழும்பும் தொடர்மாடிகளுக்குள் போகிறது. யுத்தத்திலும் சுனாமியிலும் வீடிழந்தவர்கள் கொழும்பில் ஒரு வீடு இருந்தால் பாதுகாப்பு என நினைப்பதில் பிழையில்லை. அண்மையில் உறவுக்காரத் தம்பி ஒருவர், கையொப்பமிடுவதற்கு முன் பார்த்துச் சொல்லும்படி முத்தரப்பு உடன்படிக்கை ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார். நிர்மாண நிறுவனம், வாங்குபவர், வங்கி ஆகிய மூவரும் ஒப்பமிடும் பத்திரம் அது.

இப்படியொரு பத்திரம் ஏன் தேவைப்படுகிறது? கட்டி முடிந்த வீட்டுக்கு உறுதி இருக்கும், வங்கி அதை ஈடாக எடுக்கும். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டத்தின்படி, தொடர்மாடியின் வரைபடம் காணிப் பதிவகத்தில் பதியப்பட்ட பின்னரே ஒவ்வொரு வீடும் தனி ஆதனமாகிறது. அதற்கு முன் ஈடு வைக்க உறுதி இல்லை. எனவே கடனை நேரே கட்டுநருக்குக் கொடுத்துவிட்டு, உறுதி தயாரானதும் தன்னிடமே தர வேண்டுமென வங்கி கட்டுநரிடம் வாக்கு வாங்குகிறது. பத்திரத்தின் முதல் நோக்கம் வங்கியின் பணத்தைப் பாதுகாப்பது. இதை மனதில் வைத்துத்தான் அதை வாசிக்க வேண்டும்.

தம்பியின் பத்திரத்தில் மூன்று வாசகங்கள் என்னை நிறுத்தின. கட்டுநர் கேட்கும்போது வங்கி பணம் விடுவிக்கலாம் என்றது ஒன்று. வேலை தாமதித்தாலும் நின்றாலும் வாங்குபவர் கடனைக் கட்டியே ஆக வேண்டும் என்றது மற்றொன்று. ஒப்பந்தம் ரத்தானால் திரும்பும் பணம் முதலில் வங்கிக்கே போகும் என்றது மூன்றாவது.

இவை சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை ஓர் உதாரணக் கணக்கில் பார்ப்போம். வீட்டின் விலை 3 கோடி ரூபாய். கைக்காசு 1 கோடி, கடன் 2 கோடி. கடனில் 1 கோடி 20 இலட்சம் கட்டுநருக்குப் போன பின் வேலை நின்றுவிடுகிறது. 12 வீத வட்டியென்றால் மாதம் 1 இலட்சத்து 20 ஆயிரம் வட்டி மட்டும். இரண்டு வருடம் காத்திருந்தால் 28 இலட்சத்து 80 ஆயிரம். பொறுக்காமல் வாங்குபவரே விலகினால், விலையில் 10 வீதத்தைக் கழிக்கலாம் என்று விற்பனை ஒப்பந்தத்தில் இருக்கிறது. அது 30 இலட்சம். கட்டிய 2 கோடி 20 இலட்சத்தில் மிஞ்சுவது 1 கோடி 90 இலட்சம். வங்கி தன் 1 கோடி 20 இலட்சத்தை எடுத்தால், கையில் வருவது 70 இலட்சம். கட்டிய வட்டியையும் சேர்த்துப் பார்த்தால் நட்டம் ஏறக்குறைய 59 இலட்சம். அதுவும் கட்டுநரிடம் திருப்பித்தரப் பணம் இருந்தால்தான்.

இது கற்பனைப் பயமல்ல. இந்தியாவில் டில்லியைச் சுற்றிய நொய்டா போன்ற இடங்களில் இதே முத்தரப்புப் பத்திரங்களில் பல்லாயிரம் பேர் சிக்கினார்கள். வீடு கைக்கு வரும்வரை வட்டியைத் தாமே கட்டுவதாகக் கட்டுநர்கள் சொன்னார்கள். வங்கிகள் பணத்தை முன்கூட்டியே விடுவித்தன. கட்டுநர்கள் வட்டியை நிறுத்தியதும் வங்கிகள் வாங்கியவர்களிடம் வந்தன. வேலையின் கட்டங்களைப் பார்த்தே பணம் விட வேண்டுமென இந்திய ரிசர்வ் வங்கி 2013இலேயே சொல்லியிருந்தது. 2025 ஏப்ரலில் கட்டுநர்–வங்கிக் கூட்டு பற்றி விசாரிக்கும்படி மத்திய புலனாய்வுப் பணியகத்துக்கு உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், யூலையில் 22 வழக்குகளைப் பதிய அனுமதித்தது.

வங்கியின் அச்சிட்ட பத்திரத்தில் பெரிதாக மாற்றம் செய்ய விடமாட்டார்கள். ஆனால் கட்டுநருடனான விற்பனை ஒப்பந்தத்தை ஒப்பமிடும் முன் மாற்றலாம். தம்பிக்கு நான் சொன்னதும் அதுதான். கையளிக்கும் திகதியை எழுதவையுங்கள். அது தவறினால் கழிவில்லாமல் முழுப் பணமும், வங்கிக்குக் கட்டிய வட்டியும் திரும்ப வேண்டுமென எழுதவையுங்கள். வங்கியிடம் ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: ஒவ்வொரு தவணையும் வங்கியின் மதிப்பீட்டாளர் வேலையைப் பார்த்த பின், உங்கள் எழுத்துமூலச் சம்மதத்துடனேயே போக வேண்டும்.

கடைசியாக, உங்கள் சட்டத்தரணியைக் கொண்டு காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவைத் தேடுங்கள். காணி ஏற்கெனவே வேறொரு வங்கிக்கு ஈடாக இருந்தால், உங்கள் வீட்டை அந்த ஈட்டிலிருந்து விடுவிப்பதாக அந்த வங்கி கடிதம் தர வேண்டும். நான்காவதாக ஒரு வங்கி மறைந்திருந்தால், மூன்று கையொப்பம் உங்களைக் காப்பாற்றாது. வெளிநாட்டிலிருந்து அட்டோனித் தத்துவம் அனுப்புபவர்கள், இந்தத் தேடல் முடியும்வரை அதை அனுப்பாமல் வைத்திருங்கள்.