"ஸ்கிரீன் தெரியுதா?" என்பது கேள்வியே இல்லை

ஆன்லைன் வகுப்பு எடுக்கும் எல்லோரும் தவறாமல் சொல்லும் மந்திரம் ஒன்று உண்டு. "எல்லாருக்கும் ஸ்கிரீன் தெரியுதாப்பா?" உடனே நாலு பேர் "தெரியுது சார்" என்பார்கள். வகுப்பு தொடங்கிவிடும். அந்த நாலு பேர் பொய் சொல்லவில்லை. ஸ்கிரீன் தெரிகிறதுதான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை!

கணக்குப்பதிவியல் வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியர் மேசையில் 27 அங்குல மானிட்டர், 2560 x 1440 பிக்சல். எக்செலைத் திறந்து, விண்டோவை முழுத்திரைக்கு விரித்து, டிரையல் பேலன்ஸ் போடுகிறார். அவருக்கு எல்லாம் பளிச். எதிரே நாற்பது பேர். பாதிப்பேர் கையில் ஆறரை அங்குல போன், மீதிப்பேரிடம் 1366 x 768 திரை கொண்ட பழைய லேப்டாப்.

எக்செலில் தொடாமல் விட்ட ஒரு நெடுவரிசையின் அகலம் 64 பிக்சல். ஆக அவருடைய திரையில் A முதல் AM வரை ஏறத்தாழ 39 நெடுவரிசைகள் தெரியும். டிரையல் பேலன்ஸுக்கு வேண்டியது எத்தனை? வரிசை எண், கணக்கின் பெயர், பற்று, வரவு. நாலே நாலு. மீதி முப்பத்துச் சொச்சம் வெள்ளைக் கட்டங்களை அவர் ஒரு மணி நேரம் நாற்பது பேருக்கு ஒளிபரப்புகிறார். (கட்டங்களுக்கு வாய் இருந்தால் அவையே வெட்கப்படும்.)

இந்த வெள்ளைக்காட்டுக்கான விலையை எண்கள் கொடுக்கின்றன. வழக்கமான 11 புள்ளி எழுத்தில் ஓர் இலக்கத்தின் உயரம் சுமார் 9 பிக்சல். அந்த மானிட்டரில் அது 2 மில்லிமீட்டர், தாராளமாக வாசிக்கலாம். ஆனால் மானிட்டரின் அகலம் 60 சென்டிமீட்டர். போனைப் படுக்கவைத்துப் பிடித்தாலும் அந்தப் படத்துக்குக் கிடைக்கும் அகலம் 12 சென்டிமீட்டர்தான். ஐந்தில் ஒரு பங்கு. 2 மில்லிமீட்டர் இலக்கம் 0.4 மில்லிமீட்டர் ஆகிறது. மாத்திரை அட்டையின் பின்பக்க எழுத்துகூட இதைவிடப் பெரிது.

லேப்டாப்காரரின் கதை வேறு. பக்கத்தில் முகங்களின் வரிசை, அரட்டைப் பெட்டி எல்லாம் போக படத்துக்கு அவர் திரையில் மிஞ்சுவது 1000 பிக்சல் என்று வையுங்கள். 2560 பிக்சலை 1000-க்குள் அடைத்தால் 9 பிக்சல் இலக்கம் மூன்றரை பிக்சலாகிவிடும். மூன்றரைப் புள்ளி உயரத்தில் 3, 6, 8 எல்லாம் ஒரே சாம்பல் நிறப் பொட்டு. கடனாளிகள் 86,400 என்பதை 66,400 என்று ஒரு மாணவர் எழுதிக்கொள்கிறார். கடைசியில் பற்றுப் பக்கம் 20,000 குறைகிறது. பிழை கூட்டலிலா, பதிவிலா என்று அரை மணி நேரம் தேடுகிறார். எங்கே கிடைக்கும்? தப்பு அவர் நோட்டிலேயே இல்லையே. கேட்டால் "கவனமா பார்த்து எழுதணும்ப்பா" என்று பதில் வரும். இதுதான் இருப்பதிலேயே பெரிய அநியாயம்.

"விரலால பெருசாக்கிப் பாருங்க" என்பது அடுத்த உபதேசம். பெரிதாக்கலாம்தான். ஆனால் பெரிதாக்கியதும் படத்தில் ஒரு மூலைதான் தெரியும். ஆசிரியர் "இங்க பாருங்க" என்று சுட்டும் இடம் வேறு மூலையில் இருக்கும். ஒரு கையில் போன், ஒரு கை படத்தை இழுக்க, நோட்டில் எழுதுவது எந்தக் கை? அதோடு, பெரிதாக்குவது எல்லா நோய்க்கும் மருந்தில்லை. பெரிதாக்கியதும் எழுத்து கூர்மையாகத் தெரிந்தால் சிக்கல் அளவில் மட்டும்தான். பெரிதாக்கினாலும் மங்கலே பெரிதானால், இணைய வேகம் போதாமல் செயலி படத்தையே தரம் குறைத்து அனுப்புகிறது என்று அர்த்தம். வராத புள்ளிகளை எந்த விரலும் வரவழைக்காது. (ஜூமில் பகிரும்போது `Optimize for video clip` என்ற பெட்டியில் டிக் அடித்துவிட்டு எக்செல் காட்டுகிறவர்களும் உண்டு. அது அசையும் படத்துக்கானது. எழுத்தை மங்கலாக்கிவிடும்.)

லேப்டாப்காரருக்காவது ஜூமின் `View Options` பட்டியலில் பார்க்கும் அளவை மாற்ற வழியிருக்கிறது. 100% என்று வைத்தால் படம் சுருங்காது, ஆனால் நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். நாற்பது பேர் ஆளுக்கொரு பக்கம் நகர்த்துவதா, ஒருவர் தன் பக்கத்தில் ஒருமுறை சரிசெய்வதா?

சரிசெய்யும் வழியைக் கேட்டால் பலருக்கும் சிரிப்பு வரும். விண்டோவைச் சின்னதாக்க வேண்டும்! பெரிய மானிட்டர் இருக்கிறதே என்று விரிக்க விரிக்க, எதிரே இருப்பவருக்கு எழுத்து சுருங்கும். முழுத்திரையைப் பகிராமல் எக்செல் விண்டோவை மட்டும் பகிர்ந்து, அந்த விண்டோவையும் மூலையைப் பிடித்து இழுத்து 1280 x 720 அளவுக்கு, அதாவது திரையின் கால்வாசிக்குக் கொண்டுவந்தால், அதே 12 சென்டிமீட்டரில் பாதி நெடுவரிசைகள்தான் வரும். இலக்கம் 0.8 மில்லிமீட்டர் ஆகிவிடும். பிறகு எக்செலின் கீழ் வலது மூலையில் இருக்கும் அளவை 200% ஆக்கினால் 1.6 மில்லிமீட்டர். இப்போதும் ஒன்பது நெடுவரிசைகள் தெரியும், தேவையோ நாலு. `Ctrl+F1` அழுத்தி மேலே உள்ள பட்டைகளை மடக்கினால் வரிசைகளுக்கும் இடம் கிடைக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிட வேலை.

விண்டோவை மட்டும் பகிர்ந்தால் ஒரு தொல்லை உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆசிரியர் எக்செலிலிருந்து பிடிஎஃப்புக்குத் தாவினால் மாணவர்களுக்கு எக்செலே தெரிந்துகொண்டிருக்கும். அடிக்கடி தாவுகிறவர்கள் முழுத்திரையைப் பகிர்வதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் விண்டோஸின் `Display` அமைப்பில் `Scale` என்பதை 150% அல்லது 200% ஆக்கிக்கொள்ளலாம். திரை முழுக்க எழுத்து பெரிதாகும். "என்னுது 4கே மானிட்டர், அதான் சின்னதா தெரியுது" என்பவர்களுக்கும் இதே பதில்தான். குற்றம் பிக்சலில் இல்லை. திரையின் அகலத்தில் ஓர் எழுத்து எத்தனை பங்கை அடைத்துக்கொள்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 200%-இல் வைத்த 4கே திரையும், 100%-இல் வைத்த 1920 x 1080 திரையும் போனில் போய்ச் சேரும்போது ஒரே அளவுதான்.

பன்னிரண்டு மாதக் கணக்கைப் பக்கம் பக்கமாக விரித்த தாளுக்கு மட்டும் இந்த வித்தை எதுவும் பலிக்காது. அங்கே கோப்பை முன்கூட்டியே அனுப்பிவிடுவதுதான் வழி.

சோதித்துப் பார்க்க இன்னொரு கருவி வேண்டியதில்லை. 12 சென்டிமீட்டர் படத்தை 30 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார்ப்பதும், 60 சென்டிமீட்டர் மானிட்டரை ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதும் கண்ணுக்கு ஒன்றுதான். வகுப்புக்கு முன் ஆசிரியர் நாற்காலியை ஐந்தடி பின்னால் தள்ளி உட்கார்ந்து தன் திரையைத் தானே வாசித்துப் பார்க்கட்டும். அங்கிருந்து 86,400 தெரியாவிட்டால் போன்காரருக்கும் தெரியாது. வகுப்பு தொடங்கியதும் "ஸ்கிரீன் தெரியுதா?" வேண்டாம். "கடைசி பெஞ்சு, B14-ல எவ்வளவு தொகை இருக்கு, வாசிங்க பார்ப்போம்" என்று கேட்கட்டும்.