ஓய்வூதியம் நின்றுவிட்டதென ஒரு அழைப்பு

ஆசிரியருக்கு,

உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கும் காலம் வந்தால் ஓய்வூதியர் வீடுகளில் தொலைபேசியும் அலறத் தொடங்குகிறது. ஓய்வூதியத் திணைக்களத்தின் பெயரில் பேசி, அட்டை விபரம் கறக்கும் கும்பல்களைப் பற்றித் திணைக்களமே எச்சரித்திருக்கிறது.

அழைப்பு ஏறக்குறைய இப்படிப் போகும். "ஐயா, உங்கட சான்றிதழ் பதிவாகேல்ல, பென்ஷன் நிற்பாட்டியாச்சு. நிலுவையோட சேர்த்து இண்டைக்கே போடலாம். போனுக்கு வாற ஆறு இலக்கத்தை மட்டும் சொல்லுங்கோ." பேச்சில் மரியாதைக்குக் குறைவே இராது.

பொய் அந்த ஆறு இலக்கத்தில்தான் பிடிபடுகிறது. கணக்கில் காசு போடுவதற்குக் கணக்கிலக்கம் போதும். அது திணைக்களத்திடம் ஏற்கெனவே உண்டு. ஓடிபி கேட்கப்படுவது பெரும்பாலும் காசு வெளியே போகும்போது. அது வந்த குறுஞ்செய்தியிலேயே தொகையும் கடையின் பெயரும் இருப்பதுண்டு. பதற்றத்தில் யார் அதை வாசிக்கிறார்கள்?

சான்றிதழ் உண்மையிலேயே பிந்தியிருந்தால், ஹெவ்லொக் டவுன்காரர் கிராம உத்தியோகத்தரிடமோ திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்திலோ கேட்கலாம். திணைக்களத்தின் இலக்கம் 1970. வந்த அழைப்பைத் துண்டித்துவிட்டு, தாமாக அந்த இலக்கத்தை அழுத்த வேண்டும்.

ஓடிபியைச் சொல்லிவிட்டவர்கள் மகன் வேலையால் வரும்வரை காத்திராமல், அட்டையின் பின்புறமுள்ள வங்கி இலக்கத்துக்கு உடனே பேசி அட்டையை முடக்கவேண்டும்.

ஓய்வூதியர் ஒருவர்,
ஹெவ்லொக் டவுன், கொழும்பு 05