ஊசிக்கு முந்தைய அரை மணி நேரம்

மனநல வார்டில் வேலை பார்த்த செவிலியர் ஒருவர், முனைவர் பட்ட ஆய்வில் சேர்வதற்காகக் கொடுத்த பணிவிலகல் கடிதம் அண்மையில் படிக்கக் கிடைத்தது. அவர் பெயரும் மருத்துவமனையின் பெயரும் இங்கே தேவையில்லை. முதல் பத்தி வழக்கமானதுதான்: விலகும் காரணம், விடுவிக்க வேண்டிய தேதி, தடையின்மைச் சான்று கேட்டு ஒரு வேண்டுகோள். அடுத்து வரும் ஒன்றரைப் பக்க நன்றிதான் யோசிக்க வைத்தது.

“அனைவரின் ஒத்துழைப்புக்கும் நன்றி” என்று அவர் பொதுவாக முடித்துவிடவில்லை. யார் என்ன செய்தார்கள் என்று எழுதியிருக்கிறார். வீட்டிலிருந்து வந்த போன் செய்தியை நோயாளியின் காதில் விழுவதற்கு முன்னால் தன்னிடம் வந்து சொன்ன ஆயாம்மாவுக்கு நன்றி. கோபத்தில் இருப்பவருக்கு நேர் எதிரே நிற்காமல், ஒரு கை தூரத்துக்கும் அப்பால், சற்றுப் பக்கவாட்டில் நின்று பேசக் கற்றுக்கொடுத்த அட்டெண்டர் அண்ணனுக்கு நன்றி. “இவர் தொல்லை கொடுப்பவர்” என்று டியூட்டி மாற்றும்போது சொல்லாமல், “மத்தியானம் சாப்பிடவில்லை, அம்மாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்” என்று சொல்லிப் பழக்கிய மூத்த சிஸ்டருக்கு நன்றி.

முதல் நன்றியை மட்டும் சற்று விரித்துப் பார்க்கலாம். ஆண்கள் வார்டில் மிகை மனவெழுச்சி தணிந்து, வீட்டுக்குப் போகும் நாளுக்காகக் காத்திருக்கும் இளைஞர் ஒருவர். சனிக்கிழமை அண்ணன் வந்து அழைத்துப்போவதாகப் பேச்சு. வெள்ளி மாலை அண்ணன் போன் செய்து, இந்த வாரம் முடியாது என்கிறார். போனை எடுத்தவர் அதை வராந்தாவிலேயே உரக்கச் சொல்லிவிட்டால் நடப்பது வார்டில் எல்லோருக்கும் தெரியும்: நடை வேகமாகும், குரல் உயரும், கதவில் ஒரு உதை விழும். நாலு பேர் பிடிப்பார்கள். ஹாலோபெரிடாலும் புரோமெத்தசினும் ஊசியாக ஏறும். நோய்க்குறிப்பில் “மாலை கிளர்ச்சியுற்றார், ஊசி போடப்பட்டது” என்று ஒரு வரி இருக்கும். போன் வந்த செய்தி அதில் இராது.

திங்கட்கிழமை சுற்று வரும் மருத்துவர் அந்த ஒரு வரியைத்தான் பார்க்கிறார். நோய் இன்னும் அடங்கவில்லை என்று நினைத்து மருந்தைக் கூட்டலாம். வீட்டுக்கு அனுப்பும் நாளைத் தள்ளிப்போடலாம். அவர்மேல் குற்றமில்லை, அவர் கையில் இருக்கும் தாள் அவ்வளவுதான் சொல்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவரைக் கட்டிவைக்க நேர்ந்தால் எந்த முறையில், ஏன், எவ்வளவு நேரம் என்பதைப் பதிவு செய்யச் சொல்கிறது. ஆனால் ‘ஏன்’ என்ற இடத்தில் “ஆவேசமாக நடந்துகொண்டார்” என்று எழுதினாலே போதும் என்பதுதான் நடைமுறை.

ஆயாம்மா முன்கூட்டிச் சொன்னதால் அந்தக் கடிதக்காரர் வேறொன்று செய்திருக்கிறார். இளைஞரைத் தனியே உட்காரவைத்து, விஷயத்தை மறைக்காமல் சொல்லி, அடுத்து அண்ணனோடு எப்போது பேசலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லி, கொஞ்ச நேரம் கூடவே இருந்திருக்கிறார். இளைஞர் அழுதார், ஊசி தேவைப்படவில்லை. தேவைப்படாத ஊசியை எந்தப் பதிவேடும் எழுதிவைப்பதில்லை.

இதை ஆய்வாக மாற்றலாம் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. மனநலச் செவிலியராக இருந்து பேராசிரியரான லென் பவர்ஸ், லண்டன் கிங்ஸ் கல்லூரியில் தன் குழுவோடு ‘சேஃப்வார்ட்ஸ்’ என்ற முறையை உருவாக்கினார். அதில் பத்துச் செயல்கள். கெட்ட செய்தியை முன்கூட்டி அறிந்து பதமாகச் சொல்வது அவற்றில் ஒன்று. டியூட்டி மாற்றும்போது ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் நல்லதாக ஒன்று சொல்வது இன்னொன்று. இங்கிலாந்தில் 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில் இதைச் சோதித்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். ஒப்பீட்டு வார்டுகளைவிட மோதல்கள் 15 சதவீதமும், கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள் 26.4 சதவீதமும் குறைந்தன. அந்தக் கணக்கை நிரப்பியவர்கள் அதே வார்டு ஊழியர்கள்தான் என்பது அந்த ஆய்வின் பலவீனம். அதையும் மனத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

நம் வார்டுக்கு அந்தப் பட்டியலை அப்படியே கொண்டுவர முடியாது. இங்கே பல இடங்களில் நோயாளியோடு உறவினரும் தங்குகிறார். 1950களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர் நோயாளிகளின் குடும்பங்களை மருத்துவமனை வளாகத்தில் கூடாரமடித்துத் தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் குடும்பம் உடனிருப்பது நெடுநாள் வழக்கம். அப்படிப்பட்ட வார்டில் கெட்ட செய்தி போனில் வருவதில்லை. பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் வாயிலிருந்தே வரும். அதை யார் முன்கூட்டி அறிவது? கிளர்ந்தவரை எந்த ஊசி விரைவில் அமைதிப்படுத்துகிறது என்பதற்கு வேலூரிலேயே ஆய்வுகள் நடந்திருக்கின்றன, உலகம் அவற்றை மேற்கோள் காட்டுகிறது. ஊசிக்கு முந்தைய அரை மணி நேரத்தையும் அதே கவனத்தோடு ஆராய வேண்டும். இந்தச் செவிலியரின் ஆய்வுத் தலைப்பும் அதைச் சார்ந்ததுதான்.

ஆனால் அதற்கு அவர் ஏன் விலக வேண்டும்? எனக்கு உறுத்துவது இதுதான். வார்டில் பதவி உயர்வு பெரும்பாலும் பணிமூப்பைப் பொறுத்தது. முனைவர் பட்டம் அங்கே எதையும் மாற்றாது. செவிலியர் கல்லூரியில்தான் அதற்கு மதிப்பு. எனவே படிக்கப் போகிறவர் திரும்பி வருவது வார்டுக்கு அல்ல, வகுப்பறைக்கு. வாரத்தில் இரண்டு நாள் வார்டு, மற்ற நாள் கல்லூரி என்று ஒரே ஆளுக்கு இரண்டு இடத்திலும் பொறுப்புக் கொடுக்கும் பணியிடம் அரிது. அதை உருவாக்குவதற்குப் புதிய கட்டடமோ கருவியோ வேண்டாம், இரண்டு சம்பளப் பட்டியல்களைச் சேர்த்துவைக்கும் ஓர் ஆணை போதும்.

கடிதத்தில் நான் நன்றியாகப் படிக்க முடியாத வரி ஒன்றும் உண்டு. “ஆள் இல்லாத இரவுகளில் இரட்டை டியூட்டி பார்த்து என்னைத் தாங்கியவர்களுக்கு” என்கிறார். அது ஆள் பற்றாக்குறை குறித்த புகார். விடைபெறும் மரியாதைக்காக நன்றியின் உடை உடுத்தியிருக்கிறது. நிர்வாகம் அதைப் புகாராகவே படிப்பது நல்லது.

அவர் ஆய்வாளராக அதே வார்டுக்கு வந்தால் இன்னொரு சிக்கல். ஊசி போட்ட, மருந்து கொடுத்த சிஸ்டர் வந்து “ஆய்வில் சேர்கிறீர்களா?” என்று கேட்டால், மறுத்தால் கவனிப்பு குறையுமோ என்று நோயாளி தயங்குவார். ஒப்புதலை வேறொருவர் கேட்க வேண்டும். வேலையில் இருந்தபோது பார்த்ததை நெறிக்குழுவின் அனுமதியின்றித் தரவாக்கவும் கூடாது. கடிதத்தில் நோயாளியின் பெயர், ஊர், கட்டில் எண் எதுவும் இல்லாததால் இந்தப் பக்குவம் அவருக்கு இருப்பது தெரிகிறது.

நிர்வாகத்தின் பதில் அநேகமாக, சேவையைப் பாராட்டும் இரண்டு வரியோடு விடுவிப்பு ஆணையாக வரும். கடிதம் பணிக் கோப்புக்குள் போகும். அதற்கு முன், அறிவிப்புக் காலம் முடியும்வரை அவர் வார்டில்தானே இருப்பார்? ஆயாம்மாவையும் அட்டெண்டரையும் சேர்த்து உட்காரவைத்து, அந்த ஒன்றரைப் பக்கத்தை வாசிக்கச் சொல்லலாம். பிறகு டியூட்டி மாற்றும் குறிப்பேட்டில் ‘கிளர்ச்சிக்கு முன் என்ன நடந்தது’ என்று ஒரு கட்டம் கூடுதலாகப் போடலாம். நோட்டில் கோடு கிழித்தால் ஆகிற வேலை. அந்தக் கட்டத்தில் ஆயாம்மா சொன்னதும் “ஆயாம்மா சொன்னார்” என்றே எழுதப்பட வேண்டும்.